பதிமூன்றாம் தேதியின் கிழமை

அம்மா கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். ஐந்து விநாடி கூட ஆகியிருக்காது. அந்த ஐந்து விநாடியைத்தான் அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாங்கள் இருவரும் அந்த வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று மனத்திலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவேன். வித்தை காட்டுவதற்காகக் கற்றுக்கொண்டதல்ல, வயிற்றுப்பாடு. பழைய பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு மேசை, மழைக்காலத்தில் உப்பு பூத்துவிடும் ஒரு சுவர். பிரெஞ்சு நேசனாலித்தே, அதாவது குடியுரிமை, கேட்டு விண்ணப்பிப்பவர்கள், பாட்டன் சொத்துக்கு வழக்கு நடத்துபவர்கள், சும்மா தாத்தாவின் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வருபவர்கள், எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் பழுப்புத் தாள்களைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களுக்கு மூன்றும் எட்டும் ஒரே மாதிரி வரும். மை ஊறிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அப்போது தேதிக்குப் பக்கத்தில் கிழமை எழுதியிருந்தால் அதுதான் சாட்சி.

ஒரு கடிதம் நினைவிருக்கிறது. 1897 மே மாதம், சாம்தி, அதாவது சனிக்கிழமை. தேதி மூன்றா எட்டா என்று தெரியவில்லை. ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு ஆணி உண்டு. நான் அப்படித்தான் சொல்வேன், ஆணிக்கிழமை. ஏப்ரல் நாலு, ஜூன் ஆறு, ஆகஸ்ட் எட்டு, அக்டோபர் பத்து, டிசம்பர் பன்னிரண்டு, இந்த ஐந்தும் ஒரே ஆண்டில் ஒரே கிழமையில்தான் விழும். மே ஒன்பதும் செப்டம்பர் ஐந்தும் அதே கிழமை. ஜூலை பதினொன்றும் நவம்பர் ஏழும் அதே. பிப்ரவரியின் கடைசி நாளும் அதே. அந்த ஒரு கிழமையைக் கண்டுபிடித்து அடித்துவிட்டால் போதும், ஆண்டு முழுவதையும் அதில் மாட்டித் தொங்கவிடலாம். 1800களுக்கு வெள்ளியில் ஆரம்பிக்க வேண்டும். தொண்ணூற்றேழில் பன்னிரண்டு எட்டு முறை போகும், மீதி ஒன்று. அந்த மீதியில் நாலு போகாது. எட்டும் ஒன்றும் ஒன்பது, ஏழைக் கழித்தால் இரண்டு. வெள்ளியிலிருந்து இரண்டு தள்ளினால் ஞாயிறு. ஆக மே ஒன்பது ஞாயிறு, மே எட்டு சனி. எழுத்து எட்டுதான். கடிதம் எழுதியவர், படித்தவர், சுமந்து வந்த கப்பல், எதுவும் இன்று இல்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் அப்படியே இருக்கிறது, கை வைத்தால் இன்னும் சூடு இருப்பது போல.

இந்தக் கணக்கின் மீது எனக்கு ஒரு மயக்கம். மறுப்பதற்கில்லை. மனிதர்கள் மறந்துபோன ஒரு நாளின் கதவை வெளியிலிருந்தே தட்டித் திறந்துவிடலாம் என்கிற மயக்கம். நடக்கும்போது, பஸ்ஸில், பூசையின் நடுவில்கூட மனம் எதையாவது உருட்டிக்கொண்டிருக்கும். 1954 நவம்பர் ஒன்று, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்ட நாள். 1900களுக்கு ஆரம்பம் புதன். ஐம்பத்து நாலில் பன்னிரண்டு நாலு முறை, மீதி ஆறு, ஆறில் நாலு ஒரு முறை. நாலு, ஆறு, ஒன்று, மொத்தம் பதினொன்று, ஏழு போக நாலு. புதனிலிருந்து நாலு தள்ளினால் ஞாயிறு. நவம்பர் ஏழு ஞாயிறு என்றால் நவம்பர் ஒன்று திங்கள். ஊர் கைமாறியது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் செவ்வாய்க்கிழமை மீன் வாங்கப் போனவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே கடற்கரைச் சாலையைக் கடந்துவிடுவேன்.

பக்கத்து மேசையில் ஒருவர் இருக்கிறார். தட்டச்சு அவர் வேலை. நான் பாய் என்று கூப்பிடுவேன், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் அப்பா தினசரிக் காலண்டர் அச்சடித்த மனிதர். ஒவ்வொரு வருடமும் முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் புரூஃப் பார்த்த வீடு அது. எனக்கும் அவருக்கும் போட்டி. வாய் முதலில், போன் பிறகு என்பது எங்கள் சட்டம். கணக்கைச் சொல்லாமல் போனை எடுப்பவர் டீ வாங்கித் தர வேண்டும். வாயால் சொன்னபின் போனில் சரிபார்க்காமல் எந்தத் தாளும் வெளியே போகாது. அலுவலகத்தில்.

வீட்டில் அந்தச் சட்டம் இல்லை.

செப்டம்பரில் ஒரு மத்தியானம். அம்மாவின் பென்ஷனுக்கு ஏதோ ஒரு தாள் வேண்டும் என்று அப்பாவின் பீரோவைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்பா போய்ப் பதினோரு வருடம். மில்லில் சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. ரசீது, எல்லாவற்றையும் அடுக்கி நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டுக்குள் நாலாக மடித்த நகராட்சித் தாள் இரண்டு. ஒன்று பிறப்பு, ஒன்று இறப்பு. 13 பிப்ரவரி 1972. 15 பிப்ரவரி 1972.

எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்தது என்பது தெரியும். எல்லா வீட்டிலும் இருக்கும் ஒரு வாக்கியம் போல அது எங்கள் வீட்டில் இருந்தது. 'உனக்கு முன்னாடி ஒண்ணு, தங்கல.' அதற்கு மேல் ஒருபோதும் போனதில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். இரண்டையும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை. விரலால் தடவிப் பார்த்தார்.

"இத வச்சிருந்தாரா மனுஷன்" என்றார். குரலில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. "தேதி என்ன போட்டிருக்கு?"

"பதிமூணு பொறந்திருக்கும்மா. பதினஞ்சு போயிருக்கு. பிப்ரவரி, எழுவத்திரண்டு."

"நீதான் எல்லாருக்கும் கெழம சொல்லுவியே, இதுக்குச் சொல்லு பாப்பம். என்ன கெ..."

"பதிமூணு திங்கள். பதினஞ்சு புதன்."

ஊரில் யார் கேட்டாலும் சொல்வது போலச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாக என்றும் சொல்ல வேண்டும்.

அம்மாவின் கை கருவேப்பிலை மேல் நின்றது. "ஞாயிறு?"

"ஞாயிறா? நடுவுல ஞாயிறே இல்லையேம்மா. திங்கள், செவ்வாய், புதன்."

"நல்லாப் பாருடி."

"பாக்க என்னம்மா இருக்கு, கணக்குதான."

அவர் இரண்டு தாளையும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். உருவிய இலைகளை முறத்திலிருந்து எடுத்து டப்பாவில் போட்டார். மிச்சக் கொத்தை உருவவில்லை.

அன்று மாலைதான் சொன்னார். விளக்கு போடும் நேரம். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும் வரை காத்திருந்து சொன்னார்.

பிள்ளை பிறந்ததும் அம்மாவுக்கு ஜன்னி. நாலு நாள் ஆஸ்பத்திரியில் சுயநினைவில்லை. கண் விழித்தபோது பிள்ளை இல்லை. அப்பா ஆறுதலாக ஒரு விஷயம் சொன்னாராம். "கவலப்படாத. ஞாயித்துக்கிழம பூச முடிச்சிட்டு சாமியார் ஆஸ்பத்திரிக்கே வந்து தண்ணி ஊத்திட்டாரு." ஞானஸ்நானம் ஆகிவிட்டது, பிள்ளை கடவுளிடம் போயிற்று என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் ஆகாமல் இறந்த பிள்ளை எங்கே போகும் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது வேறு. கடவுளின் முகம் பார்க்காத ஓர் இடம். அம்மா அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், என்னைப் பெற்றிருக்கிறார். அப்பா இருந்தவரை அவரிடம் இரண்டாவது முறை கேட்டதே இல்லை.

"ஞாயிறே இல்லன்னா?" என்றார். "ஞாயிறே இல்லன்னா அந்த மனுஷன் எங்கிட்ட என்ன சொன்னாரு?"

"அம்மா, கெழம மாத்திச் சொல்லியிருப்பாரு. ஒரு ஆத்திர அவசரத்துக்கு யாரு வேணா தண்ணி ஊத்தலாம், நர்சம்மா ஊத்தலாம், நீயே எனக்கு மறைக்கல்வி சொல்லிக்குடுத்தியே..."

"யாரோ ஊத்துனாங்கன்னு சொல்லல. ஞாயித்துக்கிழம பூச முடிச்சிட்டுன்னு சொன்னாரு. சாமியாருன்னு சொன்னாரு. பாக்காத ஒண்ணுக்கு இவ்ளோ சோடிச்சி யாரு சொல்லுவா? பொய் சொல்றவன்தான் சோடிப்பான்."

அப்போதாவது போனை எடுத்துப் பார்த்திருக்கலாம். தோன்றவே இல்லை. தேதி என்றால் நான், நான் என்றால் சரி. இருபத்திரண்டு வருடத்தில் அது எனக்கு அப்படித் தடித்துப்போயிருந்தது.

மறுநாள் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து அந்த மாதம் முழுக்கப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பெயர் இல்லை. "ஆஸ்பத்திரில ஊத்துன தண்ணி எல்லாம் புக்குல ஏறாதும்மா" என்றார், நல்ல மனிதர். "அப்பல்லாம் சொன்னாத்தான் எழுதுவாங்க. புள்ள போன வீட்ல யாரு வந்து சொல்லப் போறா?" அதை அம்மாவிடம் சொன்னேன். பாதியைத்தான் கேட்டுக்கொண்டார். புத்தகத்தில் இல்லை என்கிற பாதியை.

கல்லறைத் திருநாள் வந்தது. நவம்பர் இரண்டு. உப்பளம் கல்லறைத் தோட்டத்துக்கு எல்லா வருடமும் போவோம். முந்தின நாளே போய் அப்பாவின் கல்லைக் கழுவி, செவ்வந்தி வாங்கி, மெழுகுவர்த்தி காற்றில் அணையாமலிருக்க நாலு செங்கல் வைத்து வருவது அம்மாவின் வேலை. யாரையும் செய்யவிட மாட்டார். அந்த வருடம் கிளம்பவில்லை.

"முட்டி வலிக்குதாம்மா? ஆட்டோ சொல்றேன்."

"முட்டிக்கு என்ன. நீ போயிட்டு வா."

நான் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னார். "அந்தக் கல்லறைல எனக்கு எடம் வேணாம். இப்பவே சொல்லிட்டேன். எங்க அக்கா பக்கத்துல வைங்க. நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தாச்சி. போதும்."

அந்த வாக்கியத்தோடு கல்லறைக்குப் போனேன். கல்லை நான்தான் கழுவினேன். அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவுக்கென்று விட்டிருந்த வெற்றுச் சலவைக்கல் மேல் தண்ணீர் நின்றது, வழியாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு.

அப்பா எப்படிப்பட்டவர் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசியோடு வருவார். அதிகம் பேசாதவர். பேசாதவர்களைப் பற்றி நமக்குத் தோன்றியதையெல்லாம் நாமே எழுதிக்கொள்ளலாம். அவர் மறுக்க மாட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க அம்மா அவரைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். சின்னச் சின்னதாக. "மதுரைக்குப் போறேன்னு போனாரே, மதுரைக்குத்தான் போனாரா?" "எங்க அண்ணன் கடுதாசி போடலன்னாரே, போடலயா, கிழிச்சிட்டாரா?" ஒரு ஞாயிறு போனதும் எத்தனை நாட்கள் பின்னாலேயே சரிந்து விழுந்தன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு சரியென்றே நம்பிக்கொண்டு பார்த்தேன். அப்பாவை நினைத்து நானும் கொஞ்சம் வெட்கப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு காலை. ஒரு குடும்பக் கடிதக் கட்டு வந்திருந்தது. முதல் கடிதத்தில் தெளிவாக, மெர்க்ரெதி, 22 ஜனவரி 1896. மெர்க்ரெதி என்றால் புதன். நான் வாய்க்குள் உருட்டினேன். தொண்ணூற்றாறு, பன்னிரண்டு எட்டு முறை, மீதி சுத்தமாக இல்லை. எட்டில் ஏழு போக ஒன்று. வெள்ளியோடு ஒன்று, சனி. ஜனவரிக்கு ஆணி மூன்றாம் தேதி. மூன்று சனி, இருபத்து நாலு சனி, இருபத்திரண்டு வியாழன்.

"பாய், இந்தாளு தப்பா எழுதியிருக்காரு. வியாழக்கிழமைய புதன்னு போட்டிருக்காரு. கீழ ஒரு குறிப்பு போட்டுடலாமா?"

பாய் தட்டச்சை நிறுத்தினார். மேலே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஏம்மா, அன்னிக்கு என்ன கெழமன்னு அன்னிக்கு இருந்தவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும், அப்படித்தான? நல்லாருக்கு கத."

"கணக்கு சொல்லுது பாய்."

"கணக்கு சொல்லல, நீ சொல்ற. தொண்ணூத்தாறு லீப் வருஷம்டாம்மா. ஜனவரி மூணு ஏது? நாலுல்ல. லீப்பு வந்தா ஜனவரி, பிப்ரவரி ரெண்டுக்கும் ஆணி ஒருநாள் தள்ளிப் போவும். எங்க வாப்பாவா இருந்தா இந்நேரம் ஸ்கேல எடுத்திருப்பாரு."

ஜனவரி நாலு சனி. இருபத்தைந்து சனி. இருபத்திரண்டு புதன். செத்துப்போன மனிதர் சரியாகத்தான் எழுதியிருந்தார்.

"எப்படி விட்ட? நீ விட மாட்டியே."

"மீதி வரல பாய்" என்றேன். "மீதி வந்திருந்தா அதுல எத்தன நாலுன்னு பாப்பேன், அப்ப லீப்பு ஞாபகம் வரும். பன்னண்டுல சுத்தமா போயிடுச்சி, நாலப் பத்தி நெனைக்கவே..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. தொண்ணூற்றாறு. எண்பத்து நாலு. எழுபத்திரண்டு. பன்னிரண்டில் மீதியில்லாமல் போகும் ஆண்டுகள். எல்லாம் ஒரே அச்சு. எல்லாமே லீப்.

எழுபத்திரண்டு. ஆறு முறை, மீதி இல்லை. புதனோடு ஆறு, செவ்வாய். இதுவரை சரி. பிப்ரவரியின் கடைசி நாள் செவ்வாய். அந்த வருடம் கடைசி நாள் இருபத்தெட்டு இல்லை. இருபத்தொன்பது. இருபத்தொன்பது செவ்வாய், இருபத்திரண்டு செவ்வாய், பதினைந்து செவ்வாய்.

பதினான்கு திங்கள்.

பதிமூன்று.

போனை எடுத்தேன். அவசரத்தில் 1972ஐத் தாண்டி எங்கோ போய்த் திரும்பி வந்தேன். அந்தச் சின்னக் கட்டத்தில் பதிமூன்று, ஞாயிறு என்ற பத்தியின் கீழ், ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

"டீ உன் கணக்கு" என்று சொல்ல வந்த பாய் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நானே நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டு முடித்ததும் மெஷினை அணைத்தார். "போ. வீட்டுக்குப் போ. கடிதத்த நான் பாத்துக்கறேன்" என்றார். வாசல் வரை வந்து, "மொதல்ல உன் தப்புன்னு சொல்லு. கணக்க அப்பறம் சொல்லு" என்றார்.

அப்படியே சொன்னேன். அம்மா சமையலறையில் இருந்தார்.

"அம்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன். பதிமூணு ஞாயித்துக்கிழமதான். அது லீப் வருஷம், நான் ஒருநாள் விட்டுட்டேன்."

அடுப்பைச் சிறியதாக வைத்தார். திரும்பினார். நான் எதிர்பார்த்தது அழுகை. அவர் என்னை வெறுமனே பார்த்தார். மளிகைக்கடையில் தராசைப் பார்ப்பது போல.

"அன்னிக்குத் திங்கள்னு சொன்ன."

"தப்பும்மா."

"அன்னிக்கும் இப்படித்தான் நிச்சயமா சொன்ன."

"போன்ல பாரும்மா, இந்தா, பாரு, பதிமூணு, ஞாயிறு..."

"எழுவத்திரண்டுல போன் இருந்துச்சா?" என்றார். "நான் கல்லறைக்குப் போகலன்னு உனக்கு மனசு கேக்கல. அதனால சொல்ற. எனக்குத் தெரியாதா. உங்க அப்பா மாதிரியே சொல்ற."

ரசம் பொங்கியது. இறக்கி வைத்தார்.

எவ்வளவு காட்டினாலும் நடக்கவில்லை. தாளில் எழுதிக் காட்டினேன். பிப்ரவரி இருபத்தொன்பது வரை கட்டம் போட்டுக் காட்டினேன். அம்மா கணக்குத் தெரியாதவர் இல்லை. எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நம்புவதற்கு எண்கள் போதவில்லை, அவ்வளவுதான். உடைப்பதற்கு ஐந்து விநாடி போதுமாயிருந்த அதே எண்கள். பொய்யான திங்கட்கிழமை அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மையான ஞாயிறு வாசலில் நின்றது, கையில் காலண்டரோடு, கடன்காரன் போல.

விபூதிப் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கும் நாள். காலைப் பூசையில் சாமியார் எல்லோர் நெற்றியிலும் சாம்பல் பூசுவார். அம்மாவும் நானும் போய் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா புடவை மாற்றப் போனார். நான் தோசைக்கல்லைப் போட்டேன். வெகுநேரம் சத்தமில்லை. போய்ப் பார்த்தேன். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். புடவை மாற்றவில்லை. தன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு நெத்தியில இருந்துச்சிடி" என்றார்.

"யாரும்மா?"

"உங்க அப்பா. நான் கண்ணு முழிச்சப்ப கட்டில் பக்கத்துல நிக்கறாரு. நெத்தியில சாம்பல். நான் எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன். அப்பறம்தான் சொன்னாரு, நேத்து போயிடுச்சி, இப்பதான் பொதச்சிட்டு வரேன்னு. கோயில்ல பூசிக்கிட்டு அப்படியே பொட்டிய எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு. சாம்பல் அழிக்கக்கூட இல்ல."

வாயில் வந்ததை விழுங்கினேன். இது என் கணக்கு இல்லை.

அம்மா கையைத் தூக்கினார். விபூதிப் புதன் என்றைக்கும் புதன்தான். அதற்கு எந்தச் சூத்திரமும் வேண்டாம். கட்டைவிரலால் விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனார்.

"இது புதன். நேத்து போச்சின்னா செவ்வா. தாள்ல போனது பதினஞ்சுன்னு இருக்கு. பதினஞ்சு செவ்வா. பதினாலு திங்கள்." நாலாவது விரலில் கட்டைவிரல் நின்றது. அதை எடுக்கவில்லை. நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"ஞாயிறு" என்றார்.

தோசைக்கல் காய்ந்து புகை வந்தது. நான் போய் அணைத்துவிட்டு வருவதற்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்றால், இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது, நீண்ட தூரம் நடந்து வந்தவர் போல.

"அஞ்சு மாசம்" என்றார். "அஞ்சு மாசம் அந்த மனுஷன நான் என்னல்லாம் பேசிட்டேன்."

"என்னாலதாம்மா."

"நீ ஒரு நாளத்தான் விட்ட. நம்பாதது நானு."

அவர் சொன்னது ஆறுதலா குற்றச்சாட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் அப்போதே தெரிந்தது, அதைச் சொல்லவில்லை. பதிமூன்று ஞாயிறு என்பதால் சாமியார் வந்தார் என்று ஆகிவிடாது. வந்திருக்க முடியும், அவ்வளவுதான். கிழமைக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கும். தெரிந்தே அந்த மீதித் தூரத்தை அவராகக் கடந்தார்.

தலையணைக்கு அடியிலிருந்து பிறப்புத் தாளை எடுத்தார். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தேதி இருந்த இடத்தைத் தாண்டிக் கீழே போனார்.

"இங்க என்ன போட்டிருக்கு?"

எட்டிப் பார்த்தேன். குழந்தையின் பெயர் என்ற கட்டம். ஒரு கோடு இழுத்திருந்தார்கள். செப்டம்பரிலிருந்து அந்தத் தாளை எத்தனை முறை மனத்துக்குள் பார்த்திருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் எண்களைத்தான். அந்தக் கட்டம் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

"பேரு எழுதலம்மா."

"தண்ணி ஊத்துனா பேரு வைக்காம ஊத்த மாட்டாங்க" என்றார் அம்மா மெதுவாக. "பேரச் சொல்லித்தான் ஊத்துவாங்க."

ஆமாம். பேரைச் சொல்லித்தான் ஊற்றுவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வார்டில் யாரோ கேட்டிருக்க வேண்டும், பிள்ளைக்கு என்ன பெயர் என்று. மில் ஷிப்டிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞன், மனைவி ஜன்னியில் கிடக்க, யாரையும் கலந்துபேசாமல் ஒரு பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் அந்தப் பெயர் ஒரு பிள்ளைக்கு இருந்தது. பிறகு ஒரு மனிதருக்குள் இருந்தது. அம்மா கேட்கவில்லை, கேட்டால் தாங்காது என்று. அப்பா சொல்லவில்லை, ஒருவேளை அதே காரணத்துக்காக. அறுநூறு எழுநூறு வருடத்துக்கு முந்தைய தேதியைக் கொடுங்கள், அதற்கும் ஒரு வழி இருக்கிறது, காலண்டர் மாறியதைக் கழித்துக்கொண்டு சொல்லிவிடலாம். இதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

அன்று சாயங்காலம் ஆட்டோவில் உப்பளத்துக்குப் போனோம். நெற்றியில் சாம்பலோடுதான். கல்லறைத் திருநாளில் நிற்க இடமில்லாத பாதையில் அன்று ஆளே இல்லை. அம்மா கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். கேட்கக் கூடாது என்றுதான் தள்ளி நின்றேன், ஆனால் அம்மா காது மந்தமானவர்களின் குரலில்தான் எப்போதும் பேசுவார்.

திட்டினார் முதலில். "ஒருக்கா சொன்னா போதுமா? ரெண்டு வாட்டி சொல்லியிருந்தா என்ன, வாயில இருந்து முத்து கொட்டிடுமா?" பிறகு புடவைத் தலைப்பால் கல்லைத் துடைத்தார். தூசி ஒன்றும் பெரிதாக இல்லை. பிறகு, "எடம் வேணாம்னு சொன்னேன் இல்ல, அது கோவத்துல சொன்னது" என்றார். அதை என்னைப் பார்த்துச் சொன்னாரா, அவரைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. இருவரும் கேட்டுக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம்.

உப்பங்காற்று சாமந்திச் சருகுகளைப் பக்கத்துக் கல்லுக்குத் தள்ளியது. போகலாமா என்று கேட்க நான் ஒரு அடி வைத்தபோதுதான் அம்மா கல்லின் பக்கம் குனிந்தார், தூங்கும் ஒருவரை எழுப்பாமல் கேட்பது போல, அவருக்கு இல்லாத ஒரு சின்னக் குரலில்.

"என்ன பேரு வச்சீங்க?"